காணாமற்போன சரக்கு: நட்டஈட்டை யாரிடம் கேட்பது, எவ்வளவு கேட்பது?

சீனாவிலிருந்து சாமான் எடுக்கும் எமது சிறு வியாபாரிகளில் அநேகர் முழுக் கொள்கலன் எடுப்பவர்கள் அல்லர். இரண்டு கன மீற்றர், மூன்று கன மீற்றர் என்று வாங்கி, முன்பின் தெரியாத பத்துப் பதினைந்து பேருடைய சாமான்களோடு ஒரே கொள்கலனில் அனுப்பச் சொல்கிறோம். துறைமுகத்து மொழியில் இதற்கு எல்.சி.எல். என்று பெயர். இந்தச் சாமான்களைச் சேர்த்து அனுப்புபவரைத்தான் ஃபோவார்டர் என்கிறோம். அவரிடம் சொந்தக் கப்பல் இருப்பதில்லை. கப்பற் கம்பனியிடம் கொள்கலன் இடத்தை மொத்தமாக வாங்கி, எமக்குச் சில்லறையாக விற்கிறார்.

இந்த முறையில் செலவு குறைவு. ஆனால் சாமான் கைமாறும் இடங்கள் அதிகம். குவாங்சோவில் ஏற்றிய கொள்கலன் நேரே கொழும்புக்கு வராமல் சிங்கப்பூரிலோ போர்ட் கிளாங்கிலோ திறக்கப்படுவதுண்டு. அங்குள்ள களஞ்சியசாலையில் சாமான்களை இறக்கி, ஊர்வாரியாகப் பிரித்து, வேறு கொள்கலன்களில் மீண்டும் ஏற்றுவார்கள். கொழும்புக்கு வர வேண்டிய பெலட் சிட்டகாங் போகும் கொள்கலனில் ஏறிவிடுவதும், களஞ்சியத்தின் மூலையில் மாதக்கணக்கில் கிடப்பதும், அடையாளமே இல்லாமல் மறைந்துபோவதும் இவ்விடத்தில்தான் நடக்கின்றன.

அப்படி மறைந்தால் எமது பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா? உண்டு. ஆனால் சத்தம் போட்டுக் கேட்பதாலோ பழைய பழக்கத்தைச் சொல்லிக் கேட்பதாலோ அது கிடைப்பதில்லை. கையிலுள்ள ஒரு தாளில் எழுதியிருப்பதை வைத்தே யார் தருவது, எவ்வளவு தருவது, எந்தத் தேதிக்குள் கேட்பது என்ற மூன்றும் தீர்மானமாகின்றன. அந்தத் தாள் ஃபோவார்டர் தரும் ஹவுஸ் பில். புறக்கோட்டையில் ஹார்ட்வெயார் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரின் விடயத்தை வைத்து இதனை விளக்குகிறேன். சம்பந்தப்பட்ட கம்பனிகளின் பெயர் இங்கு அவசியமில்லை.

நடந்தது என்ன?

நண்பர் குவாங்சோ பகுதித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து கதவுப் பூட்டு 2,000 செட் வாங்கினார். ஒரு செட் 3 டொலர் 40 சதம். பெட்டிக்கு 50 செட்டாக 40 பெட்டிகள். ஒரு பெட்டியின் நிறை 24 கிலோ, மொத்தம் 960 கிலோ. பெட்டிகளை இரண்டு பெலட்டுகளில் அடுக்கிக் கட்டியிருந்தார்கள். விலை எஃப்.ஓ.பி. அடிப்படையில் 6,800 டொலர். அதாவது சீனத் துறைமுகத்தில் கப்பலேற்றும் வரையான செலவு விற்பவருக்கு. கப்பற் கட்டணம், காப்புறுதி, வழியில் ஏற்படும் நட்டம் எல்லாம் வாங்குபவருக்கு. கப்பற் கட்டணம் 240 டொலர். கொழும்பிலுள்ள ஃபோவார்டர் ஒருவரோடு மின்னஞ்சலில் பேசி அவரே அதை ஒழுங்கு செய்தார். காப்புறுதி எடுக்கப்படவில்லை.

பெப்ரவரி 10ஆம் திகதி கப்பல் வந்துவிட்டதாக அறிவித்தல் வந்தது. நண்பர் கப்பற் கட்டணத்தையும் உள்ளூர்க் கட்டணங்களையும் கட்டி டெலிவரி ஓடரை எடுத்தார். சுங்கத் தீர்வையும் செலுத்தப்பட்டது. 14ஆம் திகதி அவருடைய வாஃப் கிளாக் களஞ்சியசாலைக்குப் போனபோது, கொள்கலனிலிருந்து இறங்கிய சாமான்களின் பட்டியலில் அந்த இரண்டு பெலட்டுகளும் இல்லை.

பலருக்குத் தெரியாத விடயம் ஒன்று இங்குண்டு. டெலிவரி ஓடர் என்பது சாமான் வந்துவிட்டது என்பதற்கான அத்தாட்சி அல்ல. கப்பலின் பத்திரத்தில் பெயர் இருந்தாலே அது வழங்கப்படும். கொள்கலனைத் திறந்து எண்ணிப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். ஆகவே முழுக் கட்டணத்தையும் கட்டி முடித்த பின்னரே சாமான் இல்லை என்பது தெரியவருகிறது.

ஃபோவார்டரின் அலுவலகத்தில் கிடைத்த பதில் எல்லோருக்கும் பழக்கமானது. “நானா, சாமான் சிங்கப்பூர்ல நிக்கும் போல. அடுத்த கப்பல்ல வந்துடும். யோசிக்க வேணாம்.”

இந்தப் பதிலை நம்பி இரண்டு மூன்று மாதம் தொலைபேசியிலேயே கழிப்பவர்கள் உண்டு. நண்பர் அப்படிச் செய்யவில்லை. அன்றே தன் கிளாக்கிடம் சொல்லி, களஞ்சியசாலையின் இறக்கற் பட்டியலின் பிரதியையும், மேற்படி பில் இலக்கத்துக்குரிய சாமான் இறங்கவில்லை என்ற எழுத்து மூலமான அத்தாட்சியையும் கேட்டார். இந்த அத்தாட்சி இரண்டு காரியங்களுக்குத் தேவை. ஃபோவார்டரிடம் நட்டஈடு கேட்க அதுவே அடிப்படை. வராத சாமானுக்குச் செலுத்திய தீர்வையைத் திரும்பக் கேட்கச் சுங்கத்திலும் அதையே காட்ட வேண்டும். தீர்வையை ஃபோவார்டரிடம் கேட்டுக் கொண்டிருக்காமல் சுங்கத்துக்குத் தனியாக, தாமதமின்றி விண்ணப்பிப்பதே சரியான வழி.

இரண்டு நாளில் ஒரு சிறு கடிதம்

அத்தாட்சி கைக்கு வரும் வரை காத்திராமல் 16ஆம் திகதியே ஃபோவார்டருக்கு ஒரு கடிதம் போனது. மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினார். அதில் கணக்கு எதுவும் இல்லை. இன்ன பில் இலக்கம், இன்ன கப்பல், 40 பெட்டிகள் ஒப்படைக்கப்படவில்லை, இதற்கு உங்களைப் பொறுப்பாளியாகக் கருதுகிறோம், தேடுதல் நடத்தி எழுத்தில் அறிவியுங்கள், முழுக் கோரிக்கை பின்னர் வரும் என்று ஐந்தாறு வரிகள் மட்டுமே.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. கடல்வழிச் சரக்குக்குப் பெரும்பாலான பில்களில் பொருந்தும் ஹேக்-விஸ்பி விதிகளின்படி, வெளியில் தெரியாத குறைவையோ சேதத்தையோ பொருளை எடுத்து மூன்று நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஃபோவார்டர்களின் சர்வதேச அமைப்பான ஃபியாட்டாவின் மாதிரிப் பில்லில் இது ஆறு நாட்கள். அறிவிக்கத் தவறினால் உரிமை அழிந்துவிடாது. ஆனால் சாமான் முறையாக ஒப்படைக்கப்பட்டது என்றே முதலில் கருதப்படும். அதனை மறுத்து நிரூபிக்கும் சுமை எம் தலையில் வரும். நாற்பதில் ஐந்து பெட்டி குறைந்து வரும்போது இது மிகவும் முக்கியம். முழுச் சரக்குமே வராதபோது பொருளை எடுத்த நாள் என்ற ஒன்றே இல்லையாதலால் இந்த விதி அவ்வளவு இறுக்காது. என்றாலும் அன்றே எழுதியவருக்கு ஒரு நட்டமும் இல்லை.

பொறுப்பாளி யார்?

ஒரு வாரத்தில் பதில் வந்தது. “நாங்கள் சீனக் கம்பனியின் டெலிவரி ஏஜண்ட் மட்டுமே. உங்கள் கோரிக்கையை அவர்களுக்கு அனுப்புங்கள்.”

இப்படிச் சொன்னதும் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். இங்குதான் ஹவுஸ் பில்லின் கீழ்ப்பகுதியிலுள்ள கையொப்பத்தைப் பார்க்க வேண்டும். ஒரு ஃபோவார்டர் இரண்டு விதமாக வேலை செய்யலாம். எமக்காக வேறொருவரிடம் இடம் பிடித்துத் தரும் வெறும் முகவராக இருக்கலாம். அப்போது அவருடைய பொறுப்பு, கவனமாக ஒழுங்கு செய்தாரா என்பதோடு முடிகிறது. அல்லது தானே கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஒப்புக்கொண்ட காவுநராக இருக்கலாம். தன் பெயரில் பில் கொடுத்து, “அஸ் கெரியர்” என்று கையொப்பமிட்டிருந்தால் அவர் காவுநர். சாமானைத் தொலைத்தது சிங்கப்பூர்க் களஞ்சியக்காரரானாலும், கப்பற் கம்பனியானாலும், எமக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இவரே. அவர்களிடம் வாங்கிக் கொள்வது அவருடைய வேலை.

நண்பரின் ஹவுஸ் பில்லைக் காவுநர் என்ற தகுதியில் ஒப்பமிட்டுக் கொடுத்தது சீனக் கம்பனி. கொழும்புக் கம்பனியின் பெயர் ஒப்படைக்கும் முகவர் என்ற கட்டத்தில் இருந்தது. ஆகவே அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. மறு பாதி மின்னஞ்சல்களில் இருந்தது. கட்டணம் பேசியது, இடம் பிடித்தது, சீனக் கம்பனியைத் தெரிவு செய்தது, 240 டொலருக்குத் தன் பெயரில் பற்றுச்சீட்டுக் கொடுத்தது எல்லாம் கொழும்புக் கம்பனியே. எனவே கோரிக்கைக் கடிதம் இரு கம்பனிகளுக்கும் சேர்த்து முகவரியிடப்பட்டது. ஒருவருக்கு மட்டும் எழுதினால் மற்றவரைச் சுட்டிக்காட்டிக் காலம் கடத்துவார்கள். இருவருக்கும் எழுதினால் அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கப்பற் கம்பனி கொடுக்கும் மாஸ்டர் பில்லில் எமது பெயர் இருப்பதில்லை. அங்கு அனுப்புபவரும் பெறுபவரும் ஃபோவார்டர்களே. ஆகவே கப்பற் கம்பனிக் கந்தோருக்குப் போய்ச் சண்டை பிடிப்பதால் நாள் வீணாவதைத் தவிரப் பயனில்லை.

எவ்வளவு கேட்கலாம்?

நண்பர் முதலில் எழுதி வைத்திருந்த கணக்கில் நான்கு வரிகள் இருந்தன. பூட்டின் விலை, கப்பற் கட்டணம், கொழும்பில் கட்டிய உள்ளூர்க் கட்டணங்கள், கடைசியாக வியாபார நட்டம். கட்டட வேலை ஒன்றுக்குப் பூட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்ததால், உள்ளூர்ச் சந்தையில் கூடிய விலைக்கு வாங்கிக் கொடுக்க நேர்ந்தது. அந்த மேலதிகச் செலவே நான்காவது வரி.

ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு விதம். பொருளின் விலையில் சிக்கல் இல்லை. இன்வொயிஸும், வங்கி மூலம் பணம் அனுப்பிய சான்றும் இருந்தால் போதும்.

கப்பற் கட்டணத்தைக் கேட்கும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். “சாமான் வரவில்லை, ஆகவே கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள்” என்று எழுதினால், பில்லின் பின்புறத்திலுள்ள ஒரு விதியைக் காட்டி மறுப்பார்கள். சாமான் தொலைந்தாலும் தொலையாவிட்டாலும் கட்டணம் உழைத்த பணமாகும், திருப்பித் தரப்படமாட்டாது என்று அநேகமான பில்களில் அச்சடித்திருக்கும். ஆனால் ஹேக்-விஸ்பி விதிகளும் ஃபியாட்டாப் பில்லும் நட்டத்தை அளக்கும் முறை வேறு. பொருள் போய்ச் சேர வேண்டிய இடத்தில், போய்ச் சேர வேண்டிய நேரத்தில் அதற்கு என்ன பெறுமதியோ அதுவே நட்டம். குவாங்சோவில் 6,800 டொலருக்கு வாங்கிய பூட்டுக்குக் கொழும்பில் வந்து இறங்கும்போது கப்பற் கட்டணமும் சேர்ந்த பெறுமதி உண்டு. ஆகவே கட்டணத்தைத் திருப்பித் தரும்படி கேளாமல், கொழும்பில் வந்திறங்கும் பெறுமதி 7,040 டொலர் என்று ஒரே தொகையாகக் கேட்க வேண்டும். அதே 240 டொலரைத் தனி வரியாக இன்னொரு முறை சேர்த்தால், முழுக் கணக்கின் மீதும் சந்தேகம் விழும்.

உள்ளூர்க் கட்டணங்கள் தனி விடயம். இறங்காத சாமானை இறக்கியதற்கும், களஞ்சியத்தில் வைத்ததற்கும் வாங்கிய பணம் அது. கொழும்புக் கம்பனியிடமே பற்றுச்சீட்டைக் காட்டி ரூபாவில் திருப்பிக் கேட்கலாம்.

நான்காவது வரியை நண்பர் நீக்கிவிட்டார். இலாப இழப்பு, ஓடர் இழப்பு, சந்தையில் கூட்டிக் கொடுத்து வாங்கிய பணம் போன்றவற்றை மறைமுக நட்டம் என்று சொல்லிப் பில்லின் விதிகள் விலக்கி வைக்கின்றன. கிடைக்காத ஒன்றைப் பட்டியலில் வைத்தால், கிடைக்கக் கூடியதும் இழுபடும்.

பெட்டியா, பெலட்டா?

மார்ச் மாத நடுப்பகுதியில் தேடுதல் முடிவு வந்தது. சிங்கப்பூரில் இறக்கிய பதிவு இருக்கிறது, மீண்டும் ஏற்றிய பதிவு இல்லை, சாமானும் இல்லை. அதன் பின்னர் 20ஆம் திகதி முழுக் கோரிக்கைக் கடிதம் போனது. ஏப்ரலில் சீனக் கம்பனி பொறுப்பை ஒப்புக்கொண்டது. ஆனால் தர முன்வந்த தொகை 1,920 எஸ்.டி.ஆர். மாத்திரமே.

எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அதன் மதிப்பு நாளுக்கு நாள் மாறும். இங்கு விளங்கிக் கொள்வதற்காக ஒரு எஸ்.டி.ஆர். 1 டொலர் 35 சதம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 7,040 டொலர் கேட்டவருக்கு அவர்கள் காட்டியது சுமார் 2,590 டொலர்.

இந்தத் தொகை எங்கிருந்து வந்தது? காவுநரின் பொறுப்புக்கு விதிகளில் ஓர் உச்சவரம்பு உண்டு. நண்பரின் பில்லின்படி, பொதி ஒன்றுக்கு 666.67 எஸ்.டி.ஆர். அல்லது கிலோ ஒன்றுக்கு 2 எஸ்.டி.ஆர்., இவ்விரண்டில் எது கூடியதோ அது. அனுப்பும்போதே பெறுமதியை அறிவித்துப் பில்லில் பதிந்து, கூடுதற் கட்டணம் கட்டியிருந்தால் மட்டும் இந்த வரம்பு பொருந்தாது. சீனக் கம்பனி இரண்டு பெலட்டையும் இரண்டு பொதி என்று கொண்டது. பொதிக் கணக்கில் 1,333 எஸ்.டி.ஆர். வருகிறது. நிறைக் கணக்கில் 960 கிலோவுக்கு 1,920 எஸ்.டி.ஆர். கூடிய தொகையைத்தானே தருகிறோம் என்பது அவர்களுடைய வாதம்.

நண்பர் பில்லை மீண்டும் எடுத்துப் பார்த்தார். பொதிகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 40 என்றும், விபரத்தில் “40 பெட்டிகள், 2 பெலட்டுகளில் கட்டப்பட்டவை” என்ற கருத்தில் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. ஹேக்-விஸ்பி விதிகள் இதற்குத் தெளிவான முடிவு சொல்கின்றன. பெலட்டிலோ கொள்கலனிலோ ஒன்றாகக் கட்டிய பொருட்களாக இருந்தாலும், உள்ளே கட்டப்பட்ட பொதிகள் எத்தனை என்று பில்லில் எண்ணிக் காட்டியிருந்தால், அந்த எண்ணிக்கையே கணக்கு. அப்படிக் காட்டாவிட்டால் பெலட்டே ஒரு பொதி.

நாற்பது பொதி என்றால் உச்சவரம்பு 26,666 எஸ்.டி.ஆருக்கு மேல், சுமார் 36,000 டொலர். அவ்வளவும் கிடைக்கும் என்று யாரும் எண்ணக்கூடாது. வரம்பு என்பது மேல் எல்லை மட்டுமே. உண்மையான நட்டத்துக்கு மேல் ஒரு சதமும் கிடையாது. ஆனால் நண்பரின் 7,040 டொலர் அந்த எல்லைக்குள் முழுமையாக அடங்குகிறது.

அதே பில்லில் “2 பெலட்” என்று மட்டும் இருந்திருந்தால், நியாயம் முழுக்க அவர் பக்கம் இருந்தும் ஏறத்தாழ 4,450 டொலர் கைநழுவிப் போயிருக்கும். “2 பெலட், உள்ளே 40 பெட்டி இருப்பதாகச் சொல்லப்படுகிறது” என்ற பாணியில் இருந்தால் அது வாக்குவாதத்துக்கு இடம் வைக்கும். பெட்டியின் எண்ணிக்கை முன்னாலும், பெலட் பின்னாலும் வருமாறு எழுதுவிப்பதே பாதுகாப்பு.

ஆகாய மார்க்கத்தில் அனுப்பும் சரக்குக்கு இந்த எண்ணிக்கை உதவாது. 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் வரம்பு கிலோக் கணக்கில் மட்டுமே. 2024 டிசம்பர் 28 முதல் அது கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். நிறை குறைந்து விலை கூடிய சாமானை விமானத்தில் அனுப்புபவர் பெறுமதியை அறிவிப்பதையோ காப்புறுதியையோ நம்ப வேண்டுமே தவிர, பெட்டிகளின் எண்ணிக்கையை நம்ப முடியாது.

கடிதம் எப்படி இருந்தது?

நண்பரின் கோரிக்கைக் கடிதம் ஆங்கிலத்தில் ஒரே பக்கம். அதன் சாரம் இதுதான்:

“இன்ன இலக்கமுடைய ஹவுஸ் பில்லின் கீழ் குவாங்சோவிலிருந்து கொழும்புக்கு நீங்கள் ஏற்றுக்கொண்ட 40 பெட்டி கதவுப் பூட்டுகள் எமக்கு ஒப்படைக்கப்படவில்லை. பெப்ரவரி 14ஆம் திகதிய களஞ்சியசாலை அத்தாட்சி இணைக்கப்பட்டுள்ளது. சிங்கப்பூரில் மீள ஏற்றிய பதிவு இல்லை என்று உங்கள் மின்னஞ்சலே கூறுகிறது. கொழும்பில் வந்திறங்கும் பெறுமதி 7,040 டொலர். இதில் பொருள் விலை 6,800, கப்பற் கட்டணம் 240. இன்வொயிஸ், பெக்கிங் லிஸ்ட், வங்கிச் சான்று, கட்டணப் பற்றுச்சீட்டு, பில்லின் இரு பக்கப் பிரதிகள் இணைக்கப்பட்டுள்ளன. உள்ளூர்க் கட்டணங்களைத் தனிப் பட்டியலின்படி ரூபாவில் திருப்பித் தரவும். 30 நாட்களுக்குள் பதில் தரவும். இக்கோரிக்கையை உங்கள் பொறுப்புக் காப்புறுதியாளருக்கும் அறிவிக்கவும்.”

கடைசி வரியைக் கவனிக்க வேண்டும். ஒழுங்கான ஃபோவார்டர்கள் இவ்வகை நட்டங்களுக்கென்று காப்புறுதி வைத்திருப்பார்கள். தன் பையிலிருந்து கொடுக்கத் தயங்குபவர், காப்புறுதியாளர் மூலம் கொடுக்க அவ்வளவு தயங்குவதில்லை. காப்புறுதியாளருக்கு வேண்டியது பத்திரங்களே. கோபமான வார்த்தைகளால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. எனவே கடிதத்தில் ஏச்சும் இல்லை, மிரட்டலும் இல்லை.

கடிதம் போனாலும் நாள் நிற்காது

எம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. கோரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டோம், அவர்களும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், ஆகவே எமது உரிமை பத்திரமாக இருக்கிறது என்று நினைக்கிறோம். அப்படியல்ல. ஹேக்-விஸ்பி விதிகளின்படி, பொருள் ஒப்படைக்கப்பட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். ஃபியாட்டாப் பில்லில் அச்சடித்துள்ள காலம் ஒன்பது மாதம் மட்டுமே. எத்தனை கடிதம் எழுதினாலும், எத்தனை முறை “பார்த்துச் செய்கிறோம்” என்று பதில் வந்தாலும் அந்தக் காலம் ஓடிக்கொண்டே இருக்கும். முடிந்த மறுநாள் ஒரு வரிப் பதில் வரும்: “காலம் கடந்துவிட்டது.”

காலத்தை நிறுத்த வழி இரண்டே. ஒன்று, பில்லில் குறிப்பிட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்வது. அது வெளிநாடாகவும் இருக்கலாம். மற்றது, காவுநரிடமிருந்து இன்ன திகதி வரை கால நீடிப்புத் தருகிறோம் என்று எழுத்தில் வாங்குவது. பேச்சுவார்த்தை நல்ல முறையில் நடக்கும்போதே இதைக் கேட்க வேண்டும். உண்மையாகத் தீர்க்க நினைப்பவர் இதனைத் தர மறுப்பதில்லை.

நண்பரின் பில் ஃபியாட்டா மாதிரியில் அமைந்தது. ஆகவே அவர் கலண்டரில் இரண்டு நாட்களைக் குறித்து வைத்தார். ஒன்று மே 15. ஒப்படைக்க வேண்டிய நாளிலிருந்து தொண்ணூறு நாள் கடந்தும் வராத சாமானை, வேறு ஆதாரம் இல்லாவிடில், தொலைந்ததாகவே கருதலாம் என்று அந்தப் பில் சொல்கிறது. அன்றைக்குப் பிறகு “தேடிக்கொண்டிருக்கிறோம்” என்ற பதிலுக்கு இடமில்லை. மற்றது நவம்பர் 14, ஒன்பது மாதம் முடியும் நாள். ஒக்டோபர் முதலாம் திகதிக்குள் பணமோ எழுத்து மூலமான நீடிப்போ வராவிட்டால் கோப்பைச் சட்டத்தரணியிடம் கொடுப்பதென்று தீர்மானித்திருந்தார்.

இந்த நாட்களில் அவருக்கு வந்த ஒரு யோசனை, அதே ஃபோவார்டர் மூலம் வந்துகொண்டிருந்த அடுத்த சரக்கின் கட்டணத்தைக் கட்டாமல் மறித்து வைப்பது. “அவங்கட காசு எங்கட கைல இருந்தா தானே வழிக்கு வருவாங்க” என்று பக்கத்துக் கடைக்காரரும் சொன்னார். இது ஆபத்தான வழி. சரக்கு நட்டத்தைக் கப்பற் கட்டணத்தில் கழிக்க விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை. மாறாக, கட்டணம் கட்டும் வரை கையிலுள்ள சாமானை மறித்து வைக்கும் உரிமை ஃபோவார்டருக்கு உண்டு. களஞ்சிய வாடகை நாளுக்கு நாள் ஏறும். ஒரு சரக்கை இழந்தவர் மற்றதையும் சிறைவைத்துக் கொள்வதாக முடியும். நண்பர் அந்தக் கட்டணத்தைக் கட்டிச் சாமானை எடுத்தார்.

முடிவு

மே 15க்குப் பிறகு, பெட்டி எண்ணிக்கையைச் சுட்டிக்காட்டிய கடிதத்தோடு பில்லின் முன்பக்கப் பிரதியும் மீண்டும் அனுப்பப்பட்டது. ஜூன் மாதத்தில் சீனக் கம்பனியின் காப்புறுதியாளர் முழுத் தொகைக்கும் சம்மதித்தார். ஜூலை இறுதியில் 7,040 டொலர் வங்கிக்கு வந்தது. பணம் தருமுன் முழுமையான, இறுதியான தீர்வு என்ற பத்திரம் ஒன்றில் ஒப்பம் கேட்டார்கள். உள்ளூர்க் கட்டணங்கள் அந்தத் தொகையில் சேரவில்லை என்பதைக் கண்டு, கொழும்புக் கம்பனி அவற்றை ரூபாவில் செலுத்திய பிறகே நண்பர் ஒப்பமிட்டார். இத்தகைய பத்திரத்தில் ஒப்பமிட்ட பின் மீதியென்று எதையும் கேட்க முடியாது. ஏப்ரலில் 1,920 எஸ்.டி.ஆருக்கு நீட்டப்பட்டதும் இதே பத்திரம்தான்.

கட்டட வேலைக்காகச் சந்தையில் கூட்டிக் கொடுத்து வாங்கிய பணம் அவருக்குத் திரும்பி வரவில்லை. ஐந்தரை மாதம் முடங்கிய முதலுக்கும் எவரும் எதுவும் தரவில்லை.

காப்புறுதி எடுத்திருந்தால் பாதை குறுகியிருக்கும். எல்லா இடர்களையும் அடக்கும் “ஏ” வகைக் காப்புறுதியில் சாமான் வந்து சேராமையும் அடங்கும். வழமையாகப் பொருள் விலை, கட்டணம் ஆகியவற்றோடு பத்து வீதம் கூட்டியே காப்புறுதி செய்கிறார்கள். காப்புறுதிக் கம்பனி எமக்குத் தந்துவிட்டுப் பிறகு ஃபோவார்டரைத் துரத்தும். ஆனால் காப்புறுதி இருக்கிறதென்று ஃபோவார்டருக்குக் கடிதம் எழுதாமல் விடக்கூடாது. அவரைத் துரத்தும் உரிமையை எமது அசட்டையால் கெடுத்துவிட்டால், காப்புறுதிக் கம்பனியும் எமது கோரிக்கையைக் குறைக்கவோ மறுக்கவோ இடமுண்டு.

சரக்கு ஏறுமுன் ஃபோவார்டர்கள் பில்லின் நகலை மின்னஞ்சலில் அனுப்பிச் சரிபார்க்கச் சொல்வார்கள். பெயர், முகவரியை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று பதில் போடுவது எம்மில் பலருக்குப் பழக்கம். நண்பர் இப்போது அந்த நகலில் மூன்றைப் பார்க்கிறார்: காவுநராக ஒப்பமிடுபவர் யார், பொதிகளின் கட்டத்தில் பெட்டி எண்ணிக்கை இருக்கிறதா, பின்பக்கத்தில் வழக்குக்கான காலமும் இடமும் என்ன. பின்பக்கம் வராவிட்டால் கேட்டு வாங்குகிறார். நகலாக இருக்கும்போது பெலட்டைப் பெட்டியாக மாற்ற ஒரு மின்னஞ்சல் போதும். கப்பல் புறப்பட்ட பின் அதைத் திருத்துவது சிரமம். சாமான் தொலைந்த பின் திருத்தவே முடியாது.